நான்கு சத்து, நான்கு சாட்சி: சைவக் குழந்தையை மதிப்பிடுவது எப்படி?

(பெற்றோருக்கான பொதுக்கூட்டம் ஒன்றில் குழந்தை மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டு, ‘சைவமா, அசைவமா’ என்று ஒரு பட்டிமன்றம் நடக்கப்போகிறது என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இருந்தால் மன்னிக்க வேண்டும். அந்தத் தீர்ப்பை நான் சொல்லப்போவதில்லை. குழந்தைக்கு எந்த உணவு என்பதைக் குடும்பம் முடிவு செய்துவிட்டது; அதற்குப் பின்னால் வம்ச வழக்கம் இருக்கலாம், உயிர்க்கொலை வேண்டாம் என்ற எண்ணம் இருக்கலாம். அந்த முடிவுக்குள் நின்றுகொண்டு, குழந்தைக்கு எது போய்ச் சேர்கிறது, எது சேரவில்லை என்று கண்டுபிடிப்பது எப்படி? இன்றைய பேச்சு அதைப் பற்றியது மட்டும்தான்.

சைவக் குழந்தை விஷயத்தில் கவலைப்பட வேண்டிய சத்துகள் நான்கு. வைட்டமின் பி12, இரும்பு, துத்தநாகம் என்கிற ஜிங்க், ஒமேகா 3 கொழுப்பு. பெரும்பாலான பெற்றோர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: “டாக்டர், நாலுக்கும் சேர்த்து ஒரு பிளட் டெஸ்ட் எழுதிக் குடுத்துடுங்களேன்.” அப்படி ஒரு சோதனை இல்லை. செலவு, வசதி காரணமாக இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நான்கும் உடம்பில் நான்கு விதமாக நடந்துகொள்கின்றன. பி12-க்கு ரத்தம் சாட்சி சொல்லும். ஆனால் ஒரு எண்ணை வைத்து நம்ப முடியாது. இரும்புக்கும் ரத்தம் சாட்சி சொல்லும்; ஆனால் குழந்தைக்குச் சளி பிடித்திருந்தால் அந்தச் சாட்சி பொய் சொல்லும். துத்தநாகத்துக்கு ரத்தத்தைவிட உயரம் அளக்கும் சுவரும் சாப்பாட்டுத் தட்டும் நல்ல சாட்சி. ஒமேகா 3-க்கு உங்கள் வீட்டு எண்ணெய் பாட்டில்தான் முதல் சாட்சி. எந்தச் சத்துக்கு எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதை விளக்க ஒரு குழந்தையை எடுத்துக்கொள்கிறேன். இவள் உண்மையில் இருக்கும் ஒரு குழந்தை அல்ல. என் போன்றவர்கள் வெளிநோயாளர் அறையில் பார்க்கிற பல குழந்தைகளை ஒன்று சேர்த்து நான் உருவாக்கிய உதாரணம். பெயர் நிலா என்று வைத்துக்கொள்வோம். வயது ஆறு. மூன்று வருடமாக வீட்டில் பால், தயிர், நெய் எதுவும் இல்லை. முழு வீகன் குடும்பம். அதற்கு முன்பும் முட்டை கிடையாது. அம்மா சொல்வது: “முன்னெல்லாம் ஓடியாடிட்டே இருப்பா. இப்ப ஸ்கூல் விட்டு வந்ததும் சோபால சுருண்டுக்கிறா. பச்சரிசியை எடுத்து எடுத்துத் திங்கிறா.” எடை 16.5 கிலோ, உயரம் 107 செ.மீ.

இங்கே பல பேர் நேராகச் சோதனைச்சாலைக்கு ஓடுவார்கள். நான் முதலில் கேட்பது மூன்று நாள் சாப்பாட்டுக் கணக்கு. இரண்டு பள்ளி நாள், ஒரு விடுமுறை நாள். “சாம்பார் சாதம்” என்று எழுதினால் போதாது. எத்தனை கரண்டி, தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தாள், சாப்பிட்டதும் என்ன குடித்தாள் என்று எழுத வேண்டும். நிலாவின் கணக்கில் காலையில் இரண்டு தோசை, தேங்காய்ச் சட்னி, உடனே பாதாம் பால் ஊற்றிய டீ அரை டம்ளர். மதியம் சாதம், சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல். சாயங்காலம் பிஸ்கட். ராத்திரி கோதுமைச் சப்பாத்தி, குருமா. கீரை வாரத்தில் ஒரு நாள். தாளிக்க நல்லெண்ணெய், பொரிக்கக் கடலை எண்ணெய். கடைசி வரியில் அம்மா எழுதியிருந்தது: “பி12-க்காக ஸ்பைருலினா மாத்திரை தினமும் ஒன்று.” இந்த ஒரு தாளில் நான்கு சத்துக்கும் துப்பு இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பி12. இந்த வைட்டமினைச் செடியும் செய்வதில்லை, மாடும் செய்வதில்லை. பாக்டீரியா மட்டும்தான் செய்கிறது. மாட்டின் வயிற்றில் இருக்கும் பாக்டீரியா செய்வதுதான் பாலுக்கு வருகிறது. ஆகவே பால் குடிக்கிற சைவக் குழந்தையையும் பாலே இல்லாத வீகன் குழந்தையையும் இந்த இடத்தில் ஒரே வரிசையில் நிறுத்தக்கூடாது. பசும்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 0.4 மைக்ரோகிராம் பி12 உண்டு. நிலா வயதுக்கு ஒரு நாள் தேவை 1.2 மைக்ரோகிராம். தண்ணீர் கலக்காத பால் 300 மில்லி, அல்லது அதற்கு ஈடான தயிர், கணக்கைச் சரிக்கட்டிவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றிய பாலும், நீர்மோரும் சரிக்கட்டாது. “எங்க வீட்ல பால் உண்டு டாக்டர்” என்று சொல்லும்போது எத்தனை மில்லி என்று நான் கேட்பது இதனால்தான். நிலாவின் தட்டில் பி12 ஏறக்குறைய சூனியம்.

அப்படியானால் ஸ்பைருலினா? அதில் பி12 போலவே தோற்றமுள்ள ஒரு பொருள் இருக்கிறது. ஆனால் மனித உடம்பு அதை எடுத்துப் பயன்படுத்த முடியாது. போலி பி12 என்றே ஆய்வாளர்கள் அதை அழைக்கிறார்கள். இதில் ஆபத்து என்னவென்றால், கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்ற நிம்மதியில் வருடங்கள் ஓடிவிடும்.

வீட்டில் பாட்டி ஒரு கேள்வி கேட்பார்: “நாங்கல்லாம் பி12 மாத்திரையா முழுங்கினோம்? நல்லாத்தானே இருந்தோம்?” நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடியவர்கள் நம் வேலூர் சி.எம்.சி.யிலேயே இருந்தார்கள். ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகிய மூவர் 1980-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனிதச் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்களால் பி12 தயாரிக்க முடியும் என்று அதில் காட்டினார்கள். பொதுவாகப் பெருங்குடலில்தான் பாக்டீரியா பி12 செய்யும். ஆனால் அதை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி, அதாவது பெருங்குடலுக்கு மேலே. கீழே செய்தது மேலே திரும்பி வராது. சிறுகுடலிலேயே செய்யப்பட்டால் கொஞ்சம் உடம்பில் சேரலாம். பாட்டி தலைமுறை தப்பித்ததில் இதற்கும் பங்கு இருக்கக்கூடும். அவர்கள் வீட்டில் பாலும் மோரும் இருந்தன என்பதையும் மறக்கக்கூடாது. உங்கள் பேத்தியின் சிறுகுடலில் எந்தப் பாக்டீரியா இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பி வைட்டமினை நிறுத்த முடியாது.

இப்போது பரிசோதனை. நிலாவின் கை விரல்களை மடக்கச் சொல்கிறேன். முட்டிகளின் மேல் தோல் கறுத்திருக்கிறது. அம்மா அதை வெயில் கறுப்பு என்று நினைத்திருந்தார். பி12 குறைவில் வரும் கறுப்பு விரல் முட்டியிலும் நகத்தைச் சுற்றியும் தேடினால் தெரியும். நாக்கு வழவழப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். அடுத்து 128 ஹெர்ட்ஸ் அதிர்வுக் கவையைத் தட்டி, கணுக்கால் எலும்பின் மேல் வைத்து, “நடுங்குதா? நின்னதும் சொல்லு” என்கிறேன். அவள் “நின்னுடுச்சு” என்று சொன்ன கணத்தில் அதே கவையை என் மணிக்கட்டு எலும்பில் வைத்துப் பார்க்கிறேன். எனக்கு இன்னும் வெகுநேரம் அதிர்வு தெரிந்தால் அவள் நரம்பில் குறை இருக்கலாம். நிலாவுக்கு இரண்டும் சேர்ந்தே நின்றன. நரம்பு இன்னும் பாதிக்கப்படவில்லை.

ரத்த அறிக்கை வருகிறது. ஹீமோகுளோபின் 10.6. ஐந்து முதல் பதினொரு வயதுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 11.5, ஆக ரத்தசோகை இருக்கிறது. சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 84, சரியான அளவு. சீரம் பி12 228 பிகோகிராம். பல சோதனைச்சாலைகள் 200-க்குக் கீழேதான் குறைவு என்று அச்சிடுகின்றன. அறிக்கையைப் பார்த்து, “பி12 நார்மல், எம்.சி.வி.யும் நார்மல், அப்போ வேற ஏதோ” என்று முடிவு கட்டிவிடுவது எளிது.

இரண்டு இடத்தில் வழுக்கும். முதலாவது, சீரம் பி12 என்பது ரத்தத்தில் மிதக்கும் மொத்த பி12. அதில் பெரும்பகுதி செல்லுக்குள் போகாத வகை. போகிற பகுதி கால்வாசி அளவுதான். ஆகவே 200-க்கும் 300-க்கும் இடையில் வரும் எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது, மேல்விசாரணை வேண்டும். செல்லுக்குள் பி12 போதாதபோது ஹோமோசிஸ்டீன், மீத்தைல்மலோனிக் அமிலம் என்ற இரண்டு பொருள்கள் தேங்கும். ஹோமோசிஸ்டீன் ஃபோலிக் அமிலம் குறைந்தாலும் ஏறும். மீத்தைல்மலோனிக் அமிலம் ஏறினால், சிறுநீரகம் சரியாக இருக்கும் குழந்தையில், பி12 மேல்தான் சந்தேகம். நிலாவுக்கு ஹோமோசிஸ்டீன் 19. குழந்தைகளுக்கு 10-க்குள் இருப்பது வழக்கம். மீத்தைல்மலோனிக் அமிலமும் எல்லையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். கேள்வி தீர்ந்தது: 228 என்ற எண்ணுக்குப் பின்னால் உண்மையான பற்றாக்குறை இருக்கிறது. இந்தச் சோதனைகள் எல்லா ஊரிலும் கிடைக்காது, விலையும் கூடுதல். கிடைக்காத இடத்தில், தட்டில் பி12 இல்லை, விரல் முட்டி கறுப்பு, எண் எல்லைக்கோட்டில் என்ற மூன்றும் சேர்ந்தால் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.

இரண்டாவது வழுக்கல் எம்.சி.வி. பி12 குறைந்தால் சிவப்பணு பெரிதாகும். இரும்பு குறைந்தால் சிறுக்கும். இரண்டும் ஒரே குழந்தையில் குறைந்தால் சராசரி நடுவில் வந்து நிற்கும். காட்டிக்கொடுப்பது ஆர்.டி.டபிள்யூ. என்ற இன்னொரு எண். அணுக்களின் அளவில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்பதை அது சொல்கிறது. நிலாவுக்கு அது 18. பதினைந்துக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். சின்னதும் பெரியதும் கலந்து கிடக்கின்றன என்று பொருள். இன்னொரு காரணமும் உண்டு. கீரை, பருப்பு சாப்பிடும் சைவக் குழந்தைக்கு ஃபோலேட் தாராளமாகக் கிடைக்கும். அது அணு பெருப்பதை மறைத்துவிடும். ஆனால் நரம்பைக் காப்பாற்றாது. ஆகவே, எம்.சி.வி. ஏறவில்லை, அதனால் பி12 குறைவில்லை என்ற வாதம் சைவக் குழந்தையிடம் செல்லாது.

ஒரு எச்சரிக்கை. சந்தேகம் வந்ததும் கடையில் பி-காம்ப்ளெக்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பத்து நாள் கழித்துச் சோதனைக்கு வருபவர்கள் உண்டு. மாத்திரை போட்டதும் ரத்தத்தில் எண் ஏறிவிடும். பழைய பள்ளம் எவ்வளவு என்பது மறைந்துவிடும். முதலில் ரத்தம், பிறகு மாத்திரை.

அடுத்தது இரும்பு. நிலாவின் தட்டில் இரும்பு இல்லாமல் இல்லை. கோதுமையில், பருப்பில், உளுந்தில் இருக்கிறது. ஆனால் செடியிலிருந்து வரும் இரும்பை உடம்பு குறைவாகத்தான் எடுக்கும். தானியத்தில், பருப்பில் உள்ள பைட்டேட்டும் டீயில் உள்ள டானினும் அதைக் கட்டிப் போட்டுவிடும். நிலாவோ தோசை இறங்கும் முன்பே டீ குடிக்கிறாள். மறுபுறம் வைட்டமின் சி அந்தக் கட்டை அவிழ்க்கும். அதற்கு எலுமிச்சையோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ அதே வேளைச் சாப்பாட்டில் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிட்ட கொய்யாவால் பயனில்லை. பச்சரிசியை அள்ளித் தின்பது இரும்புக் குறைவின் பழைய அடையாளம். மண், பல்பம், ஐஸ்கட்டி தின்பதும் அதே வகை.

இரும்பின் சேமிப்பைச் சொல்லும் சோதனை ஃபெரிட்டின். நிலாவுக்கு 22 வந்தது. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 15. அப்படிப் பார்த்தால் 22 தேறிவிட்ட மதிப்பெண். ஆனால் ரத்தம் எடுத்த வாரத்தில் அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. உடம்பில் அழற்சியோ தொற்றோ இருந்தால் ஃபெரிட்டின் தானாக ஏறும், சேமிப்பு காலியாக இருந்தாலும் ஏறும். அதனால்தான் ஃபெரிட்டினுடன் சி.ஆர்.பி. என்ற அழற்சிச் சோதனையையும் சேர்த்து எழுத வேண்டும். அவளுக்கு சி.ஆர்.பி. 14, ஐந்துக்கு மேல் இருந்தாலே அழற்சி. தொற்று இருக்கும்போது ஃபெரிட்டினின் எல்லையை 70-க்கு உயர்த்தச் சொல்கிறது 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி. ஐந்து வயதுக்குட்பட்டவருக்கு 30. ஆக நிலாவின் 22, பற்றாக்குறை. சளி தீர்ந்து இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்தால் இந்தக் குழப்பமே வராது. அவசரமில்லாத குழந்தைக்கு நான் அதையே சொல்வேன்.

பால் குடிக்கும் சைவக் குழந்தை இங்கே எதிர்த்திசையில் தடுக்கி விழும். “சாப்பாடே வேண்டாங்கிறான், ஆனா பால் ஒரு லிட்டர் குடிச்சிடுவான்” என்று பெருமையாகச் சொல்வார்கள். பாலில் பி12 உண்டு, இரும்போ பெயருக்குத்தான். அது வயிற்றை நிரப்பிச் சாப்பாட்டையும் தள்ளிவிடும். நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நல்லது.

இரும்பு மருந்தில் சோதனையும் சிகிச்சையும் ஒன்றாகவே நடக்கும். ஒரு கிலோ எடைக்கு 3 மில்லிகிராம் தனி இரும்பு என்று கணக்கிட்டால் நிலாவுக்குத் தினம் சுமார் 50 மில்லிகிராம். ‘தனி இரும்பு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மருந்துப் பாட்டிலில் உப்பின் எடை பெரிதாக எழுதியிருக்கும். அதற்குள் இருக்கும் இரும்பு எவ்வளவு என்று சிறிய எழுத்தில் இருக்கும். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராம் ஏறினால் நம் கணிப்பு சரி. ஏறிய பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். ஹீமோகுளோபின் நிரம்பிய பிறகுதான் சேமிப்பு நிரம்பும். ஏறவில்லை என்றால் உடனே உணவின் மேல் பழி போடக்கூடாது. மருந்து உள்ளே போனதா, கொக்கிப்புழு இருக்கிறதா, தலசீமியா மரபுக்கூறு இருக்கிறதா, கோதுமை ஒவ்வாத குடல் நோயா என்று தேட வேண்டும். சைவக் குழந்தைக்கும் மற்றக் குழந்தைகளுக்கு வரும் எல்லா நோயும் வரும்.

மூன்றாவது துத்தநாகம். மனிதனுக்கு இதில் குறை வரும் என்பதையே 1960-கள் வரை மருத்துவ உலகம் பெரும்பாலும் நம்பவில்லை. நம்பவைத்தவர் பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர். ஈரானின் ஷிராஸ் நகரில் 21 வயது இளைஞர் ஒருவரை அவர் பார்த்தார். ஆள் பத்து வயதுப் பையன் போல இருந்தார், பருவமும் வரவில்லை. சாப்பாடு பெரும்பாலும் புளிக்கவைக்காத ரொட்டி, மண்ணும் தின்றார். இதுபோன்ற நோயாளிகளைப் பற்றிய முதல் கட்டுரை 1961-இல் வந்தது. வளர்ச்சி நின்றதற்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்ற சந்தேகத்தைப் பிறகு எகிப்தில் செய்த ஆய்வுகள் உறுதி செய்தன. இந்தக் கதையில் நமக்குத் தேவையான விஷயம், அந்த ரொட்டியில் துத்தநாகம் இல்லாமல் இல்லை என்பதுதான். பைட்டேட் அதை விடவில்லை.

ரத்தத்தில் துத்தநாகம் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம், நம்புவதுதான் கடினம். சளி பிடித்தால் இறங்கும், காலையில் ஒரு எண், சாயங்காலம் இன்னொன்று, சாப்பிட்டதும் மாறும். எடுத்த ரத்தத்தை உடனே பிரிக்காமல் வைத்தாலும், சிவப்பணு உடைந்தாலும், குழாயின் ரப்பர் மூடியிலிருந்தும்கூட துத்தநாகம் கசிந்து எண்ணை உயர்த்திவிடும். அதற்கென்று தனிக் குழாய் வேண்டும். உடம்பின் துத்தநாகத்தில் ரத்த நீரில் இருப்பது மிகச் சொற்பம். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காலையில் எடுத்தால் 65 மைக்ரோகிராம் என்ற எல்லை உண்டு என்றாலும், அது ஒரு ஊரையோ வட்டாரத்தையோ மதிப்பிடத்தான் நன்றாகப் பயன்படும். உங்கள் ஒரு குழந்தைக்கு அதை வைத்துத் தீர்ப்பு எழுதுவது சரியாகாது.

நான் முதலில் பார்ப்பது உயரம். நான்கு வயதில் நிலா 99 செ.மீ. இருந்தாள், பள்ளியில் சேர்த்தபோது எழுதிவைத்தது. இப்போது 107. இரண்டு வருடத்தில் எட்டு செ.மீ. இந்த வயதில் வருடத்துக்கு ஆறு வீதம் பன்னிரண்டு வளர்ந்திருக்க வேண்டும். 107 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் குட்டையான குழந்தை, அப்பா அம்மாவும் குட்டை என்று விட்டுவிடலாம். இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான், தன் கோட்டிலிருந்து அவள் கீழே இறங்கியிருப்பது தெரிகிறது. அதோடு பசியின்மை, அடிக்கடி வயிற்றுப்போக்கு, ஆறாத புண், வாயைச் சுற்றிச் சிவந்த தடிப்பு இருக்கிறதா என்று கேட்பேன்.

அடுத்து தட்டு. நிலாவின் மூன்று நாள் கணக்கை உணவுப் பட்டியலோடு ஒப்பிட்டால், ஒரு நாளைக்குத் துத்தநாகம் 4.5 மில்லிகிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் வயதுக்குப் போதும் போலத்தான் தெரியும். ஆனால் கூடவே பைட்டேட் 900 மில்லிகிராம் வருகிறது. பைட்டேட்டை 660-ஆல் வகுங்கள், துத்தநாகத்தை 65-ஆல் வகுங்கள், முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள். கிட்டத்தட்ட 20 வரும். 15-க்கு மேல் போனால் உடம்பு எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. ஆகவே தட்டில் போதும், உடம்பில் போதாது.

இந்த விகிதத்தைச் சமையலறையிலேயே இறக்க முடியும். ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் மூன்றும் பைட்டேட்டை உடைக்கும். ராத்திரி முழுக்கப் புளித்த மாவும், ‘இன்ஸ்டன்ட்’ என்று அரை மணியில் கரைத்து ஊற்றும் மாவும் பைட்டேட் விஷயத்தில் ஒன்றல்ல. முளைகட்டிய பயறு, ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை, எள், பூசணி விதை, முந்திரி ஆகியவற்றைச் சேர்த்தால் கணக்கு மேலே ஏறும். இதற்கும் மேல் சந்தேகம் இருந்தால், தினம் 10 மில்லிகிராம் அளவில் மூன்று மாதம் துத்தநாகம் கொடுத்து, ஆறு மாதத்தில் உயரத்தை மீண்டும் அளப்பேன். இங்கே மருந்துதான் சோதனை. இதை இரும்பு மருந்தோடு ஒரே நேரத்தில் கொடுக்கக்கூடாது. ஒன்றை ஒன்று தள்ளும். காலை ஒன்று, இரவு ஒன்று. மருத்துவர் சொன்ன காலத்துக்கு மேல் நீட்டவும் கூடாது. துத்தநாகம் மிகுந்தால் தாமிரம் குறையும்.

நான்காவது ஒமேகா 3. இங்கே கையால் தொட்டுக் காட்டும்படி நோய்க்குறி எதுவும் இல்லை. வறண்ட தோலை வைத்தோ, கவனக்குறைவை வைத்தோ ‘ஒமேகா குறைவு’ என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சிவப்பணுவில் ஒமேகா 3 எத்தனை சதவீதம் என்று ஒரு சோதனை உண்டு. அதன் எல்லைகள் பெரியவர்களின் இதய நோயை வைத்து வகுக்கப்பட்டவை. குழந்தைக்கென ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லை இல்லை. ஆகவே அந்தச் செலவு வேண்டாம். எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள்.

தாவரத்தில் கிடைப்பது ஏ.எல்.ஏ. என்ற வகை. நிலா வயதுக்கு ஒரு நாளைக்கு 0.9 கிராம் தேவை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் நான்கிலும் அது ஏறக்குறைய இல்லை. தமிழ்நாட்டுச் சமையலறையின் பெரும்பாலான எண்ணெய்கள் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். கடுகெண்ணெய், சோயா எண்ணெய் ஊற்றும் வட இந்திய வீட்டுக் குழந்தைக்குத் தானாகக் கிடைப்பது நம் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. இதைச் சரிசெய்வது எளிது: பொடித்த ஆளிவிதை நான்கு கிராம், அதாவது குவித்த ஒரு டீஸ்பூன், 0.9 கிராமைத் தந்துவிடும். முழு விதை செரிக்காமல் வெளியே போய்விடும், பொடிக்க வேண்டும். லேசாக வறுத்துப் பொடித்து இட்லிப் பொடியில் கலந்தால் குழந்தைக்குத் தெரியவும் தெரியாது. கொஞ்சமாகப் பொடித்து, குளிர்ப்பெட்டியில் வையுங்கள். காறல் வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள். இரண்டு மூன்று அக்ரூட்டும் அதே வேலையைச் செய்யும்.

ஆனால் மூளையும் கண்ணும் பயன்படுத்துவது டி.எச்.ஏ. என்ற நீண்ட வகையை. ஏ.எல்.ஏ.யை உடம்பு டி.எச்.ஏ.வாக மாற்றுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான். சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றின் ஒமேகா 6 மிகுந்தால் அதுவும் தடைப்படும். மீனுக்கே டி.எச்.ஏ. கடல்பாசியிலிருந்துதான் வருகிறது, பாசியிலிருந்து நேராக எடுத்த எண்ணெய் வீகன் குடும்பத்துக்கும் ஏற்றது. பொதுவாக ஆரோக்கியமான பள்ளிப் பிள்ளைக்கு அது கட்டாயமா என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. கர்ப்பிணிக்கும், தாய்ப்பால் கொடுப்பவருக்கும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் என் அறிவுரை, கொடுங்கள் என்பதே. தாயின் உணவில் இருக்கும் டி.எச்.ஏ. பாலுக்குள் போகிறது.

தாய்ப்பாலைச் சொன்னதும், நான்கிலும் மிக அவசரமான இடத்துக்கு வந்துவிட்டோம். நிலாவைப் போன்ற ஆறு வயதுக் குழந்தைக்கு நமக்குக் காலம் இருக்கிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் ஆறு மாதக் குழந்தைக்கு இல்லை. தாய்க்கு பி12 குறைந்திருந்தால் குழந்தை பிறக்கும்போதே கையிருப்பு சொற்பம், பாலிலும் வராது. நான்கு முதல் பத்து மாதத்துக்குள், சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பை நிறுத்தும். தலை நின்றது மீண்டும் தொங்கும். வெளுத்துப்போகும், முடி மெலிந்து பழுப்பாகும், விரல் முட்டி கறுக்கும், கடைசியில் கை நடுங்கும். இந்திய மருத்துவர்கள் இதை 1950-களிலேயே விவரித்திருக்கிறார்கள். பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கற்ற ஒன்றைக் குழந்தை மறந்துவிட்டது என்றால் அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திருக்கக்கூடாது. அன்றே மருத்துவரிடம் போங்கள், தாய்க்கும் சேர்த்து ரத்தம் எடுங்கள். தாமதித்தால் நரம்பில் ஏற்பட்ட சேதம் முழுவதும் திரும்பாமல் போகலாம்.

கடைசியாக நிலாவுக்கு என்ன செய்தோம் என்பதைச் சொல்லி முடிக்கிறேன். பி12 அதிக அளவு மாத்திரையாகத் தினமும், சில வாரங்களுக்கு. ஒரு வேளைக்கு ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம் வரைதான் குடலின் வழக்கமான வாசல் உள்ளே விடும். அதற்கு மேல் கொடுத்ததில் சுமார் ஒரு சதவீதம் பக்கவாட்டில் கசிந்து போகும். 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் உள்ளே சேர்வது பத்துப் பன்னிரண்டுதான். லேபிளில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் ஊசியில் தொடங்கியிருப்போம். பிறகு சிறிய அளவில், வீகன் உணவு தொடரும் வரை, நிறுத்தாமல். காலையில் இரும்பு, எலுமிச்சைச் சாறோடு, டீ நிறுத்தம். இரவில் துத்தநாகம். இட்லிப் பொடியில் ஆளிவிதை.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 11.7. பன்னிரண்டாவது வாரத்தில் ஹோமோசிஸ்டீன் 8. ஆனால் எம்.சி.வி. 84-லிருந்து 77-க்கு இறங்கியிருந்தது, அம்மா பதறிப்போனார். பதற வேண்டியதில்லை. பி12 கிடைத்ததும் பெரிய அணுக்கள் போய்விட்டன. இரும்புக் குறைவின் சின்ன அணுக்கள் இப்போது வெளியே தெரிகின்றன. புது ரத்தம் வேகமாக உருவாவதால் இரும்பும் கூடுதலாகச் செலவாகிறது. இந்த இடத்தில் இரும்பை நிறுத்தியிருந்தால் மறுபடி விழுந்திருப்பாள். மூன்று மாதம் தொடர்ந்தோம். ஆறு மாதத்தில் உயரம் 110.5. துத்தநாகத்தால் வளர்ந்தாளா, இரும்பாலா, பி12-ஆலா, பசி எடுத்துச் சாப்பிட்டதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நான்கையும் ஒன்றாகச் சரிசெய்தால் அந்தத் துல்லியத்தை இழந்துதான் ஆக வேண்டும்.

உங்கள் குழந்தையை மருத்துவரிடம் அழைத்துப்போகும்போது மூன்று நாள் சாப்பாட்டுக் கணக்கையும், பழைய உயரம், எடை எழுதிய அட்டையையும், வீட்டில் கொடுக்கும் எல்லா மாத்திரைப் பாட்டில்களையும் எடுத்துப் போங்கள். சளி இருந்தால் சோதனையை இரண்டு வாரம் தள்ளிப்போடலாமா என்று கேளுங்கள். ஃபெரிட்டின் எழுதினால் சி.ஆர்.பி.யும் உண்டா என்று கேளுங்கள். பி12 200-க்கும் 300-க்கும் நடுவில் வந்தால், “நார்மல்” என்ற சொல்லோடு எழுந்து வந்துவிடாதீர்கள். உணவு முறை மாறாத வரை வருடம் ஒரு முறை இதே விசாரணையை நடத்துங்கள்.